2048-ல் கடல் காலியாகிவிடுமா? ஓர் ஆவணப்பட வரியின் வேரைத் தேடி

மீன்பிடிப்பு இப்படியே போனால் 2048-ல் கடலில் மீன் ஏறக்குறைய இருக்காது. 2021 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘சீஸ்பிரசி’ ஆவணப்படத்திலிருந்து மக்கள் நினைவில் நின்ற செய்தி இதுதான். படம் பார்த்தவர்களில் சிலர் மீன் சாப்பிடுவதையே நிறுத்தினார்கள். சில நாட்களிலேயே கடல் விஞ்ஞானிகள் பலர் “படத்தில் பல எண்கள் பழையவை, சில தவறானவை” என்று எழுதத் தொடங்கினார்கள். உடனே மறுதரப்பு “அவர்கள் மீன்பிடித் தொழிலின் ஆட்கள்” என்றது. நடுவில் இருக்கும் பார்வையாளர் யாரை நம்புவது?

முழுப் படத்தையும் நம்பலாமா கூடாதா என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒரு படத்தில் நூறு கூற்றுகள் இருக்கும். சில உறுதியானவை, சில பாதி உண்மை, சில காலாவதியானவை. எனவே ஒரு கூற்றை மட்டும் எடுத்து, அது பிறந்த இடம்வரை பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

## முதலில் ஒரு வேறுபாடு

சுற்றுச்சூழல் ஆவணப்படத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று சான்று காட்டுவது: அளவீடு, ஆய்வு, ஆவணம், நேரில் பார்த்தவரின் வாக்குமூலம். மற்றொன்று மனதை அசைப்பது: இசை, ரத்தம் தோய்ந்த நீர், இயக்குநரின் பதற்றக் குரல், மறைவாக எடுத்ததுபோன்ற கேமரா. இரண்டாவது தவறில்லை, அது இல்லாமல் படம் எடுக்க முடியாது. ஆனால் ஒரு காட்சி நம்மை உலுக்கியது என்பதற்கும் அதன்மேல் ஓடிய எண் சரி என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ‘சீஸ்பிரசி’யில் வரும் திமிங்கில வேட்டைக் காட்சி உண்மை. அதைப் பார்த்து உறைந்திருக்கும் நேரத்தில் காதில் விழும் எண்ணைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

சோதிப்பதற்கு மூன்று கேள்விகள் போதும்: எதை எண்ணினார்கள், எதில் பங்காகச் சொல்கிறார்கள், தரவு எந்த ஆண்டோடு முடிகிறது? இனி 2048-க்கு வருவோம்.

## 2048 எங்கிருந்து வந்தது?

இந்த ஆண்டின் வேர் 2006 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. அதை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் வோர்ம். கட்டுரையின் மையப் பொருள் மீன்பிடிப்புகூட அல்ல. கடலில் உயிரினப் பன்மை குறைந்தால் கடல் நமக்குத் தரும் பயன்கள் எப்படிக் குறையும் என்பதே அதன் கேள்வி. 2048 அதில் ஒரே ஓர் இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறது.

அந்த எண் உருவான விதம் இது:

1. உலக உணவு வேளாண் அமைப்பு தொகுக்கும் மீன் பிடிப்புக் கணக்கை 1950 முதல் 2003 வரை எடுத்துக்கொண்டார்கள்.

2. ஓர் இனத்தின் ஆண்டுப் பிடிப்பு, அது இதுவரை தொட்ட உச்சத்தில் 10 சதவீதத்துக்கும் கீழே போனால் அந்த இனம் ‘சரிந்துவிட்டது’ என்று வரையறுத்தார்கள்.

3. அந்த வரையறைப்படி 2003-ல் பிடிக்கப்பட்டுவந்த இனங்களில் 29 சதவீதம் சரிந்திருந்தன.

4. அந்த ஆண்டுகளின் புள்ளிகள்மேல் ஒரு வளைகோடு வரைந்து, அதை எதிர்காலத்துக்கு நீட்டினார்கள். 100 சதவீதத்தை அது தொடும் ஆண்டு 2048.

இது வானிலை அறிவிப்புப் போன்ற முன்கணிப்பு அல்ல. மீனின் இனப்பெருக்கம், கடலின் வெப்பம், அரசுகள் போடும் கட்டுப்பாடு எதுவும் அந்தக் கோட்டுக்குள் இல்லை. இதுவரை போன வேகத்திலேயே இனியும் போனால் என்ற ஒரு நிபந்தனை மட்டும் இருக்கிறது. கோட்டை 45 ஆண்டுகள் நீட்டுவது, தரவு இருந்த காலத்துக்குக் கிட்டத்தட்ட சமமான காலத்தைக் காற்றில் வரைவது.

ஆய்விலிருந்து திரைக்கு வரும் வழியில் மூன்று வழுக்கல்கள் நடந்திருக்கின்றன. ‘உச்சத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே’ என்பது ‘ஒன்றுமே இல்லை’ ஆனது. ‘இப்போது பிடிக்கப்படும் இனங்கள்’ என்பது ‘கடல் முழுவதும்’ ஆனது. மூன்றாவது எல்லாவற்றையும்விடப் பெரியது: ‘பிடிப்பு’ என்பது ‘கடலில் உள்ள மீன்’ ஆகிவிட்டது.

## பிடிப்பு குறைந்தால் மீன் குறைந்ததாகுமா?

பிடிப்பு என்பது கரைக்கு வந்து எடை போட்ட மீன். இருப்பு என்பது கடலுக்குள் உயிரோடு இருக்கும் மீன். முதலாவதை ஏலக்கூடத்தில் எண்ணலாம், இரண்டாவதை மதிப்பிடத்தான் முடியும். தமிழக கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகுகளின் பிடிப்பு பூஜ்யம். கடலில் மீன் பூஜ்யம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டம் மாறினால், டீசல் விலை ஏறினால், சந்தையில் ஒரு மீனுக்கு மவுசு போனால், மீன் கூட்டம் வேறு கடற்பகுதிக்கு நகர்ந்தால் எனப் பிடிப்பு விழப் பல காரணங்கள் உண்டு. அளவுக்கு மீறிப் பிடித்தது அவற்றில் ஒன்று.

கேரளத்து மத்தியைப் பாருங்கள். தமிழகத்தில் சாளை என்றும் சொல்லும் எண்ணெய் மத்தி 2012-ல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் கரைக்கு வந்தது, அது சாதனை ஆண்டு. அப்புறம் சரிவு. 2021-ல் வந்தது 3,500 டன்னுக்கும் குறைவு. உச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! 2006 கட்டுரையின் வரையறையை அப்படியே வைத்தால் கேரள மத்தி ‘சரிந்த’ இனம், அதிலும் மோசமாகச் சரிந்த இனம். அந்த ஆண்டு யாராவது படம் எடுத்திருந்தால் ‘99 சதவீதம் அழிந்தது’ என்று திரையில் போட்டிருக்கலாம். எண்ணில் பிழையும் சொல்ல முடியாது. ஆனால் 2023-ல் 1.38 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்தது.

மத்தி குறுகிய ஆயுள் மீன். மழை, கடல் வெப்பம், எல் நினோ, மிதவை நுண்ணுயிர்களின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து ஏறும், இறங்கும். மீன்பிடி அழுத்தமும் சரிவை ஆழமாக்கியிருக்கலாம். இத்தகைய மீன்களின் வரலாற்றில் 10 சதவீதக் கோட்டைத் தொடுவது சில நேரம் மரணம், சில நேரம் மோசமான பருவம் மட்டுமே. பிடிப்புக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று பிரித்தறிய வழியில்லை.

## கட்டுரையை எழுதியவரே பிறகு என்ன சொன்னார்?

2006 கட்டுரையைக் கடுமையாகத் தாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மீன்வள அறிஞர் ரே ஹில்போர்ன். அடுத்து நடந்தது அபூர்வம். வோர்மும் ஹில்போர்னும் சேர்ந்து, மற்றவர்களையும் அழைத்து, பிடிப்பை விட்டுவிட்டு இருப்பு மதிப்பீடுகளை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். 2009-ல் அதே ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. நன்கு ஆராயப்பட்ட 10 கடல் சூழல் மண்டலங்களில் 5-ல் மீன்பிடி அழுத்தம் குறைந்திருந்தது. அதே சமயம் மதிப்பிடப்பட்ட மீன் இருப்புகளில் 63 சதவீதம் இன்னும் மீட்கப்பட வேண்டிய நிலையில் இருந்தன. 2048 என்ற ஆண்டு இந்தக் கட்டுரையின் முடிவு அல்ல.

படம் வந்தது 2021-ல். மூலக் கட்டுரைக்கு 15 வயது, அதன் தரவுக்கு அதைவிட அதிகம், மறுபரிசீலனை வந்தே 12 ஆண்டுகள். படம் வந்த பிறகு கேட்டபோது தன் கட்டுரை பழையது என்றும், அதன்பின் பல பகுதிகளில் மீன்வளத்தை மீட்கும் முயற்சிகள் கூடியிருக்கின்றன என்றும் வோர்மே சொன்னார். என் பார்வையில் படத்தின் பெரிய குற்றம் இதுதான். தவறான எண்ணைச் சொன்னதைவிட, அந்த எண்ணின் பின்கதையைச் சொல்லாமல் விட்டது கனமான குற்றம்.

சரி, அப்படியானால் கடல் நலமாக இருக்கிறதா? இல்லை. உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கில், நீடித்துப் பிடிக்கக்கூடிய அளவைத் தாண்டிப் பிடிக்கப்படும் மீன் இருப்புகள் 1974-ல் 10 சதவீதம், 2017-ல் 34.2 சதவீதம், 2021-ல் 37.7 சதவீதம். நிலை மோசமாகித்தான் வருகிறது. ஆனால் இது ‘இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே’ என்ற கணக்கு, ‘தீர்ந்துபோனது’ என்பதல்ல.

2020-ல் ஹில்போர்ன் குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு, முறையாக மதிப்பிடப்படும் இருப்புகள் சராசரியாக ஏறிவருகின்றன என்றது. அவை உலகப் பிடிப்பில் ஏறக்குறைய பாதி. மீதிப் பாதியில் தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் பெரும்பங்கு, அங்கே அந்த அளவுக்கு மதிப்பீடுகளே இல்லை. ஆக, ‘உலகக் கடல்’ என்று ஒரே மூச்சில் பேசும் எந்த வாக்கியமும், நம்பிக்கையூட்டுவதாக இருந்தாலும் பயமுறுத்துவதாக இருந்தாலும், இந்த இரண்டு பாதிகளை ஒட்டிவிடுகிறது.

ஹில்போர்ன் பெயர் வந்தால் இன்னொன்றும் வரும். அவர் மீன்பிடித் தொழில்துறையிடம் ஆய்வு நிதி பெற்றதைச் சரிவரச் சொல்லவில்லை என்று 2016-ல் கிரீன்பீஸ் புகார் கொடுத்தது. விதிமீறல் இல்லை என்று பல்கலைக்கழகம் முடிவு சொன்னது. நிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நல்ல பழக்கம், படம் எடுத்தவர்களிடமும் கேட்கலாம். ‘சீஸ்பிரசி’யின் தயாரிப்பில் இருந்தவர்தான் இறைச்சிக்கு எதிரான ‘கௌஸ்பிரசி’ படத்தையும் எடுத்தவர். மீன் சாப்பிடாதீர்கள் என்ற முடிவுக்குப் படம் தேடித் தேடி வந்து சேர்ந்ததா, அங்கிருந்தே புறப்பட்டதா என்று சந்தேகப்படலாம். ஆனால் யார் சொன்னது என்ற கேள்வி, கூடுதல் கவனத்தோடு சோதி என்று மட்டுமே சொல்லும். அது சோதனைக்கு மாற்று அல்ல.

## சரியான எண், வேறு பங்கு

2048 காலாவதியான எண். இதே படத்தில் முற்றிலும் சரியான ஓர் எண்ணும் திசைதிருப்புகிறது.

பசிபிக் பெருங்குப்பைத் திட்டில் 46 சதவீதம் மீன்வலைகள் என்கிறது படம். 2018-ல் வந்த ஓர் ஆய்வின் முடிவு அது, எண் சரி. ஆனால் 46 சதவீதம் எதில்? ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையிலான ஒரு கடற்சுழலில், மேற்பரப்பில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் எடையில். எடைக்குப் பதிலாகத் துண்டுகளின் எண்ணிக்கையைக் கேட்டால், அதே ஆய்வின்படி 94 சதவீதம் நுண்பிளாஸ்டிக். வலை கனமானது, நடுக்கடலிலேயே விடப்படுகிறது, நெடுநாள் மிதக்கிறது. அதனால் அந்தச் சுழலில் சேர்கிறது. ஆற்று வழியே வரும் பைகளும் உறைகளும் பெரும்பாலும் கரையோரத்தில் ஒதுங்குகின்றன, அல்லது மூழ்குகின்றன. ஆக, ஒரு சுழலின் பங்கைக் கேட்டுவிட்டு ‘கடலில் உள்ள பிளாஸ்டிக்கில் பாதி மீன்வலை’ என்ற எண்ணத்தோடு எழுந்தால் தவறு. படம் அப்படி நேராகச் சொல்ல வேண்டியதே இல்லை. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய்களின் மிகச் சிறிய பங்கை அருகே வைத்தால் மனம் மீதியைத் தானே போட்டுக்கொள்ளும்.

பக்கப்பிடிப்பு பற்றிய எண்ணிலும் இதே சிக்கல். குறிவைக்காமல் வலையில் மாட்டும் மீன் உலகப் பிடிப்பில் 40 சதவீதம் என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அதன் மூலம் 2009-ல் வந்த ஓர் ஆய்வு. அது பக்கப்பிடிப்பைப் புதிதாக வரையறுத்தது: பயன்படுத்தப்படாதது அல்லது முறையான மேலாண்மை இல்லாமல் பிடிக்கப்பட்டது. இந்த இரண்டாம் பகுதி நம் கடற்கரையையும் உள்ளே இழுக்கிறது. இழுவலையில் வரும் சின்ன மீன் நம் துறைமுகங்களில் கருவாட்டுக்கும் மீன்தூள் ஆலைக்கும் விலைபோகிறது. அது நல்லதா என்பது வேறு விவாதம், குஞ்சு மீன் அழிவது பெரிய பிரச்சினைதான். ஆனால் அது கடலில் வீசப்படுவதில்லை. பிடித்துவிட்டுக் கடலிலேயே கொட்டும் மீனை மட்டும் உலக உணவு வேளாண் அமைப்பு 2019-ல் கணக்கிட்டபோது கிடைத்தது ஆண்டுக்கு சுமார் 91 லட்சம் டன், அதாவது பிடிப்பில் 10.8 சதவீதம். நாற்பதும் பத்தும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு பொருளை எண்ணின.

## நேர்காணலில் வெட்டு எங்கே விழுகிறது?

எண்ணைச் சோதிப்பதைவிட நேர்காணலைச் சோதிப்பது கஷ்டம். நம்மிடம் இருப்பது வெட்டிய பிறகு மிஞ்சியது மட்டும். சூரை மீன் டப்பாவில் ஒட்டும் ‘டால்பின் பாதுகாப்பு’ முத்திரையை நடத்தும் அமைப்பின் பிரதிநிதியிடம், ஒவ்வொரு டப்பாவுக்கும் உத்தரவாதம் உண்டா என்று கேட்கிறார் இயக்குநர். இல்லை, நடுக்கடலில் யாராலும் முழு உத்தரவாதம் தர முடியாது என்று பதில். அடுத்து முத்திரையே மோசடி என்ற தொனியில் படம் நகர்கிறது. பதில் சூழலிலிருந்து பிய்க்கப்பட்டது என்று அந்த அமைப்பு பின்னர் சொன்னது.

இங்கே கேள்வியின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ‘நூற்றுக்கு நூறு உறுதியா?’ என்று கேட்டால் நேர்மையான நிபுணர் எவரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். கேட்டிருக்க வேண்டியது ‘முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு?’ கிழக்கு வெப்பமண்டல பசிபிக்கில் சூரை மீன்பிடிப்பில் 1986-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டால்பின்கள் இறந்தன. அண்மை ஆண்டுகளில் அது ஆயிரத்தின் சுற்றுவட்டாரம். இது முத்திரை ஒன்றால் மட்டும் வந்த மாற்றமல்ல, பன்னாட்டு ஒப்பந்தமும் கப்பல்களில் கண்காணிப்பாளர்களும் சேர்ந்தே வந்தது. இந்தக் கேள்வி படத்தில் இல்லை.

## மற்றப் படங்களிலும் இதே சுவடுகள்

இது ஒரு தரப்பின் நோய் அல்ல. புவி வெப்பமாதலை மறுத்து 2007-ல் பிரிட்டனின் சேனல் 4-ல் வந்த ‘தி கிரேட் குளோபல் வார்மிங் ஸ்விண்டில்’ படத்தில், 1980-களில் நின்றுவிடும் வெப்பநிலை வரைபடம் அதற்குப் பிந்தைய காலத்தையும் காட்டுவதுபோல் இழுக்கப்பட்டிருந்தது. வெப்பம் வேகமாக ஏறிய ஆண்டுகள்தான் அதில் காணாமல் போயின. இங்கே உதவுவது ‘தரவு எந்த ஆண்டோடு முடிகிறது?’ என்ற மூன்றாம் கேள்வி.

வெப்பமாதலை எச்சரித்த அல் கோரின் ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ அதே ஆண்டு லண்டன் உயர்நீதிமன்றத்துக்கே போனது. பள்ளிகளில் காட்டலாமா என்பது வழக்கு. அடிப்படையில் சரியான படம் என்ற நீதிபதி பர்ட்டன், ஒன்பது இடங்களில் அறிவியல் பொதுக்கருத்திலிருந்து அது விலகுவதாகப் பட்டியலிட்டு, விளக்கக் குறிப்போடு காட்ட அனுமதித்தார். அவற்றில் ஒன்று: கிரீன்லாந்துப் பனி உருகினால் கடல் மட்டம் 6 மீட்டருக்கு மேல் உயரும் என்ற காட்சி. உயரம் சரி. ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடக்கக்கூடியது, படமோ அருகில் இருப்பதுபோல் காட்டியது.

## பேசப்படாத பகுதி

‘சீஸ்பிரசி’யின் எண்கள்மேல் நடந்த சண்டையில் ஒரு பகுதி அதிகம் பேசப்படவில்லை: தாய்லாந்து மீன்பிடித் தொழிலில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வாக்குமூலம். பார்ப்பதற்கு அதுதான் பலவீனமான சான்றுபோல் இருக்கும். அதில் எண் இல்லை, வரைபடம் இல்லை, முகம் மறைத்த சில மனிதர்கள் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் படத்துக்கு வெளியே போய்ப் பார்த்தால் நிலைமை தலைகீழ். அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் 2015-ல் இந்தோனேசியாவின் பெஞ்ஜினா என்ற தீவுக் கிராமத்தில் கூண்டில் அடைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பிடித்த மீன் ஏறிய கப்பலைச் செயற்கைக்கோள் வழியே தொடர்ந்து, தாய்லாந்துத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் கடைகள்வரை போன பாதையைச் சுங்க ஆவணங்களோடு பொருத்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர். 2016-ல் அந்தச் செய்திகளுக்குப் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. சாட்சி சொன்னவர்கள், படம்பிடித்தவர்கள், கப்பல் பதிவு, சுங்க ஆவணம் என ஒன்றையொன்று சாராத நான்கு வழிகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 2048-க்குப் பின்னால் இருப்பதோ ஒரே ஒரு வளைகோடு.